பொங்கல் ரயில் டிக்கெட்: காட்பாடியில் ஏறுகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

நவம்பர் பிறந்தால் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பொங்கல் டிக்கெட்டுக்காக என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பல வருஷமாகச் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். புதிதாகத் தாங்களே போட ஆரம்பிக்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். பாஸ்வேர்டை மறந்தது, நெட் நின்றது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தானாகத் தெரிந்துவிடும். தானாகத் தெரியாதவை மட்டும் கீழே.

அறுபது நாளைத் தப்பான தேதியிலிருந்து எண்ணுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பருக்கு முன்னால் அது 120 நாள். பயணத் தேதியைச் சேர்க்காமல் எண்ண வேண்டும், அதுவும் பலருக்குத் தெரியும். ஆனால் எந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது? நீங்கள் ஏறும் தேதியிலிருந்து அல்ல. வண்டி அதன் முதல் ஸ்டேஷனில் கிளம்பும் தேதியிலிருந்து.

சென்னையில் ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டும் ஒன்றுதான். காட்பாடியில் ஏறும் நமக்கு அப்படியில்லை. சென்னையிலிருந்து இரவு 11 மணி வாக்கில் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் காட்பாடிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டி, தேதி மாறிவிடும். டெல்லியில் கிளம்பும் கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியைத் தொடுவது மூன்றாம் நாள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜனவரி 13 ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, போகி அன்று காலை ஈரோட்டில் இறங்க வேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்னையில் கிளம்புவது 13-ஆம் தேதி. அதிலிருந்து 60 நாள் பின்னால் போனால் நவம்பர் 14. அன்று காலை 8 மணிக்கு டிக்கெட் திறந்துவிடும். ஆனால் நீங்கள் காட்பாடியில் ஏறுவது 14-ஆம் தேதி, அதாவது 13 முடிந்து பிறக்கும் நள்ளிரவில். அந்த 14-ஐ வைத்து எண்ணினால் நவம்பர் 15 என்று வரும். அன்று காலை ஏழேமுக்காலுக்கே எழுந்து உட்கார்ந்தாலும் டிக்கெட் திறந்து ஒரு முழு நாள் ஆகியிருக்கும். போன தடவை எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு நடந்தது இதேதான். "இன்னா அண்ணே, எட்டு மணி அடிச்சதும் போட்டேன், அப்பவே வெயிட்டிங்னு வருது" என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். சர்வர் சதி செய்கிறது என்று நினைத்திருக்கிறான். முதல் நாளே எல்லாம் போய்விட்டது.

இதே குழப்பத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதில் இழப்பு அதிகம். 13 ராத்திரி போகிறோம் என்பதால் தேடும் பெட்டியில் ஜனவரி 13 என்று போட்டுவிடுவார்கள். அங்கே கேட்பது காட்பாடியில் ஏறும் தேதி. 13 என்று போட்டால் 12-ஆம் தேதி ராத்திரி சென்னையில் கிளம்பிய வண்டிக்குத்தான் டிக்கெட் வரும். கன்ஃபர்ம் ஆன டிக்கெட், பெர்த் நம்பர் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு குடும்பம் பிள்ளைகள், வயதான அம்மா, மூட்டை முடிச்சோடு காட்பாடி பிளாட்பாரத்தில் நின்று, டிடிஇ டிக்கெட்டைப் பார்த்துவிட்டு "இது நேத்து ராத்திரி வண்டிங்கம்மா" என்று சொன்னதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டி போனபிறகு அந்த டிக்கெட்டை ரத்து செய்து பணம் வாங்கவும் முடியாது.

இதைத் தவிர்ப்பது சுலபம். IRCTC-யில் வண்டியின் பெயருக்குப் பக்கத்தில் Train Schedule இருக்கும். அதைத் திறந்து காட்பாடி வரியில் Day என்ற கட்டத்தைப் பாருங்கள். 1 என்று இருந்தால் ஏறும் தேதியிலிருந்தே எண்ணலாம். 2 என்றால் ஒரு நாள் முன்னதாகவும், 3 என்றால் இரண்டு நாள் முன்னதாகவும் டிக்கெட் திறக்கும். பிறகு ஒரு காகிதத்தில் மூன்று தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்: வண்டி கிளம்பும் தேதி, நாம் ஏறும் தேதி, டிக்கெட் திறக்கும் தேதி. மனக்கணக்கு வேண்டாம்.

ஆதார் சரிபார்க்காத கணக்கு

IRCTC கணக்கில் ஆதாரைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால், டிக்கெட் திறக்கும் நாளில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முந்தைய வாரமே சரிபார்ப்பை முடித்துவையுங்கள்.

முதல் வண்டி போனபிறகு அடுத்ததை யோசிப்பது

எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு "வேற என்ன வண்டி இருக்கு?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் எல்லா வண்டியும் நிரம்பிவிடும். மாற்று வண்டியை முந்தைய நாள் ராத்திரியே முடிவு செய்திருக்க வேண்டும்.

அதே ஈரோடு பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டோடு முடிவதால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம், அதனால் அதுவே முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் உண்டு. அதுவும் நவம்பர் 14 காலை 8 மணிக்கே திறக்கும். ஆனால் அது நள்ளிரவுக்கு முன்பே காட்பாடி வந்துவிடுவதால் அதற்கு 13 என்று போட வேண்டும், ஏற்காட்டுக்கு 14. ஒரே ராத்திரி, ஒரே ஊர், இரண்டு தேதி. அவசரத்தில் தேதியை மாற்ற மறந்துவிடுவார்கள், கவனம். நீலகிரியில் போனால் விடியும் முன்பே இறங்க வேண்டியிருக்கும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் கைவிட்டால் பகல் வண்டி. ஜனவரி 14 காலை கோவை எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று ஈரோடு போகிறது. அது கிளம்புவது 14-ஆம் தேதி என்பதால் நவம்பர் 15 காலை 8 மணிக்குத்தான் திறக்கும். ஆக முதல் நாள் தோற்றாலும் மறுநாள் காலை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. உட்கார்ந்து போகும் வண்டி என்று பலர் இதைத் தேடுவதே இல்லை. பண்டிகைக் காலத்தில் பெர்த் வெயிட்டிங்கைவிடக் கன்ஃபர்ம் ஆன சீட் எவ்வளவோ மேல்.

வெயிட்டிங் எண்ணை மட்டும் பார்ப்பது

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். GNWL என்றால் பொது வெயிட்டிங் லிஸ்ட், அது நகரும். PQWL, RLWL என்றால் நடுவழி ஸ்டேஷன்களுக்கான சின்னக் கோட்டாவின் வெயிட்டிங், பண்டிகை நேரத்தில் பெரிதாக நகராது, எண் சின்னதாக இருந்தாலும். நடுவழி ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்கு இவை அடிக்கடி வரும். அப்போது சென்னை சென்ட்ரலிலிருந்தே, அதாவது MAS என்று போட்டுத் தேடிப் பாருங்கள். அங்கே இடமோ GNWL-லோ இருந்தால் அதை எடுத்து, Boarding Station என்ற இடத்தில் காட்பாடியை, KPD-ஐத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் கொஞ்சம் கூடும். ஏறும் இடத்தை மாற்றாமல் விட்டால் மட்டும் ஆபத்து: சென்னையில் ஆள் வரவில்லை என்று டிடிஇ குறித்துவிட்டு உங்கள் பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இப்படி எடுக்கும்போதும் தேடும் பெட்டியில் போடுவது சென்னையில் கிளம்பும் தேதி. ஏற்காட்டுக்கு அது 13.

தட்கலுக்கும் அதே தேதியில் தவறுவது

தட்கலும் வண்டி கிளம்பும் தேதியை வைத்துத்தான், அதற்கு முந்தைய நாள். நம் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு ஜனவரி 12. ஏசி காலை 10 மணி, ஸ்லீப்பர் 11 மணி. 13 காலையில் உட்கார்ந்தால் தீர்ந்திருக்கும். தட்கலிலும் கிடைக்கவில்லையென்றால் 12 சாயங்காலமே அரசுப் பேருந்தில் சேலம் வரை இடம் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து ஈரோட்டுக்குப் பஸ் இருந்துகொண்டே இருக்கும்.