முதல் டோஸுக்கு முன்னால் சலப் போத்தல்: புரொஸ்டேட் அழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் புதிதாக வேலைக்கு வரும் இளம் டொக்டர்மாரோடு வாட்டில் நிற்கும்போது, நான் இருபது வருடத்துக்கு முன் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். புரொஸ்டேட் எங்கே இருக்கிறது, காய்ச்சல் என்றால் எத்தனை பாகை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது தெரிந்தவர்களும் வழுக்கும் இடங்களை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். “புரொஸ்டேட் இன்பெக்‌ஷன்” என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு நோய்கள் வருகின்றன. ஒன்று பக்டீரியாவால் திடீரென வரும் அழற்சி. நேற்றுவரை நன்றாக இருந்த மனிதர் இன்று குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், சலம் கழிக்க எரிவு, அடித்தொடைகளுக்கு நடுவே வலி என்று வருவார். சிலருக்குச் சலமே அடைத்துவிடும். மற்றது நாட்பட்ட இடுப்பு வலி. காய்ச்சல் இருக்காது. மூன்று மாதத்துக்கு மேலாக விதைப்பைக்குப் பின்னாலோ அடிவயிற்றிலோ வலி விட்டு விட்டு இருக்கும். விந்து வெளியேறும்போது கூடும், நெடுநேரம் உட்கார்ந்திருந்தாலும் கூடும். இதில் பெரும்பாலானோரின் சலத்தில் பக்டீரியா வளர்வதே இல்லை.

மருந்தைப் போட்டுவிட்டுச் சலம் எடுப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரும் பிழை இதுதான். முதலில் செய்தவன் நான்தான்.

மூதூரிலிருந்து ஐம்பத்திரண்டு வயது மீனவர் ஒருவர் இரவு பத்து மணிக்கு வந்தார். 39.4 பாகை காய்ச்சல், பற்கள் அடிக்கும் நடுக்கம். குதவழியே விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன்; புரொஸ்டேட் வீங்கிச் சூடாக இருந்தது, தொட்டதும் துடித்தார். நோயைச் சரியாகத்தான் பிடித்தேன். உடனே செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியைப் போட்டுவிட்டு, “ஐயா, காலமை சலம் தாங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் எடுத்த சலத்தில் சீழ்க்கலங்கள் நிறைய இருந்தன. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஊசி அதற்குள் சலத்தைத் துடைத்துவிட்டிருந்தது. ஆனால் புரொஸ்டேட்டுக்குள் கிருமி உயிரோடுதான் இருந்தது. அது என்ன கிருமி, எந்தக் குளிசைக்கு அடங்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் ஊகத்தில் சிப்ரோஃப்ளொக்சசின் ஒரு கிழமைக்கு எழுதி வீட்டுக்கு அனுப்பினேன்.

பதினோராம் நாள் மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். திரும்பக் காய்ச்சல், சலம் முழுதாக அடைப்பு. இந்த முறை மருந்துக்கு முன்னால் சலமும் இரத்தமும் எடுத்தோம். சலத்தில் ஈ.கோலை வளர்ந்தது, சிப்ரோவுக்கு அடங்காதது. ஊசி மாற்றியும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கவில்லை. ஸ்கானில் புரொஸ்டேட்டுக்குள் சீழ்க்கட்டி. அதை வடிக்க வேண்டி வந்தது. மொத்தம் ஆறு கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை.

ஒரு போத்தலுக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடிக்கச் சொல்லுங்கள். சலம் அடைத்திருந்தால் அதை வெளியேற்றப் போடும் குழாயிலிருந்தே எடுத்து அனுப்பலாம். நோயாளி மயங்கும் நிலையில் இருந்தால் மருந்தைத் தாமதிக்க வேண்டாம். இரத்தக் கல்ச்சரையாவது எடுத்துவிட்டு ஊசியைப் போடுங்கள். எடுத்த போத்தல் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் 4 பாகையில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் மேசையில் கிடக்கும் சலத்தில் தோலிலிருந்து வந்த ஒன்றிரண்டு கிருமியும் பெருகி, இல்லாத நோயைக் காட்டும்.

காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துவது

மூன்றாம் நாளில் காய்ச்சல் விடுவது நல்ல குறி, நோய் முடிந்ததற்கான குறி அல்ல. திடீர் அழற்சிக்கு ஊசியும் குளிசையும் சேர்த்து இரண்டு முதல் நான்கு கிழமை மருந்து வேண்டும். பதினான்காம் நாள் கூப்பிட்டுப் பார்த்து, வலியோ எரிவோ மிஞ்சியிருந்தால் நீட்டுவது என் வழக்கம். பிரான்ஸில் காய்ச்சலோடு சலத்தொற்று வந்த ஆண்களுக்கு ஒஃப்ளொக்சசினை ஏழு நாளும் பதினான்கு நாளும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஏழு நாளில் குணமானவர்கள் சுமார் 56 வீதம், பதினான்கு நாளில் 78 வீதம். காய்ச்சலே இல்லாத சாதாரண சலத்தொற்றுக்கு ஏழு நாள் போதும் என்பதை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கான் செய்யுங்கள்.

நைட்ரோஃபுரன்டோயின்

வேண்டாம். சலத்தொற்றுக்கு எழுதும் இந்த அன்டிபயோட்டிக் புரொஸ்டேட்டுக்குள் போதிய அளவு போகாது.

சுரப்பியை அழுத்திப் பிழிவது

காய்ச்சல் உள்ளவருக்கு ஒருபோதும் கூடாது. கிருமி இரத்தத்தில் ஏறும்.

காய்ச்சலில்லாத வலிக்குத் திரும்பத் திரும்ப அன்டிபயோட்டிக் எழுதுவது

கொழும்புக்கு இரவு வான் ஓட்டும் முப்பத்துநான்கு வயதுத் தம்பி ஒருவர். எட்டு மாத வலி. கையில் ஒரு கட்டு ரிப்போட். எல்லாம் சாதாரண சலப் பரிசோதனை, ஒவ்வொன்றிலும் ஐந்து ஆறு சீழ்க்கலம். அதைப் பார்த்து நான்கு இடத்தில் நான்கு முறை சிப்ரோ கொடுத்திருக்கிறார்கள். கல்ச்சர் ஒன்றுகூட இல்லை. “டொக்டர், குளிசை குடிக்கேக்க கொஞ்சம் சுகம், விட்டா திரும்ப வருது” என்றார். குதிக்காலுக்கு மேலே தசைநாண் வீங்கி, பிரேக் மிதிக்கவே நொந்தது. அது சிப்ரோவால் வரக்கூடிய பாதிப்பு; அந்தக் குளிசையை இனித் தொடவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

மருந்து எதுவும் இல்லாமல் நான்கு கிழமை விட்டேன். பிறகு இரண்டு போத்தல்: முதலில் நடுச்சலம், பின் புரொஸ்டேட்டை மெதுவாக அழுத்தித் தடவிய பிறகு வரும் முதல் பத்து மில்லிலீற்றர். இரண்டாவதில் கிருமி முதலாவதைவிடப் பத்து மடங்கு வளர்ந்தால் அது நாட்பட்ட பக்டீரியா அழற்சி; அதற்கு நான்கு முதல் ஆறு கிழமை மருந்து உண்டு. அவருடைய இரண்டிலும் எதுவும் வளரவில்லை. ஆனால் இடுப்பின் அடித்தசைகளை விரலால் தொட்டபோது வலது பக்கத்தில் ஓர் இடத்தில், “இதுதான் டொக்டர் அந்த நோ” என்று துள்ளினார்.

இந்த வலிக்குப் பக்டீரியா கிடைக்காதபோதும், நோய் தொடங்கிய புதிதில் ஒரே ஒருமுறை அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. குறையவில்லை என்றால் இரண்டாம் முறை எழுத எந்தக் காரணமும் இல்லை. ஆறு கிழமை லெவோஃப்ளொக்சசினும் சிப்ரோவும் கொடுத்துப் பார்த்த 2003, 2004ஆம் ஆண்டு ஆய்வுகளில் அவை வெற்றுக் குளிசையைவிட மேலாக இருக்கவில்லை. குடிக்கும்போது தெரியும் “சுகம்” பெரும்பாலும் அந்த மருந்துகளுக்குச் சிறிது வீக்கம் தணிக்கும் தன்மை இருப்பதாலும், வலி தானாகவே ஏறி இறங்குவதாலும்தான்.

அவரை இடுப்பு அடித்தசைகளைத் தளர்த்தும் பயிற்சிக்கு அனுப்பினோம். சலம் மெல்லமாகப் போனதால் டம்சுலோசின் கொடுத்தோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானை நிறுத்தி இறங்கி நடக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் வலி பாதியானது. முழுதாகப் போகவில்லை, போகும் என்று நான் சொல்லவும் இல்லை.

பிஎஸ்ஏ

புரொஸ்டேட் புற்றுநோயைத் தேடும் இந்த இரத்தப் பரிசோதனையைக் காய்ச்சல் நாளில் எடுக்காதீர்கள். அழற்சியே அதை ஏற்றிவிடும். புற்றுநோய்ப் பயத்தில் குடும்பமே நித்திரை கொள்ளாது. தேவை என்றால் சுகமாகி ஆறு முதல் எட்டுக் கிழமை கழித்து.