சார்ப்பி இயந்திரத்தின் உராய்வை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோளகம் வீசும் மாதங்களில் வன்னியில் யன்னலைத் திறந்து வைத்தால் தூசி ஆய்வுகூடத்துக்குள் வந்துவிடும். ஊசலால் உலோக மாதிரியை அடித்து உடைத்து, அது உறிஞ்சும் ஆற்றலை அளக்கும் சார்ப்பி இயந்திரத்தில் தூசி போய்ச் சேரும் இடங்கள் ஊசலின் பேரிங்கும் அளவு காட்டும் முள்ளும்தான். அங்கே உராய்வு கூடினால், மாதிரி உறிஞ்சாத ஆற்றலும் அதன் கணக்கில் ஏறிவிடும்.

"மேற்கோள் மாதிரிகளை உடைத்துப் பார்த்தோம், சரியாக வந்தது, உராய்வை ஏன் அளக்க வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். இதுதான் பெரிய தவறு. ஐ.எஸ்.ஓ. 148-2 தரத்தின்படி உடையும் ஆற்றல் 120 ஜூல் என்று சான்றிதழோடு வரும் மேற்கோள் மாதிரிக்கு 12 ஜூல் வரை விலகல் அனுமதி. ஆனால் 300 ஜூல் இயந்திரத்தில் உராய்வு இழப்பு அரை சதவீதம், அதாவது 1.5 ஜூலைத் தாண்டக் கூடாது. இதைப் போல இரண்டு மடங்கு உராய்வு இருந்தாலும் அந்த 12 ஜூலுக்குள் ஒளிந்துகொள்ளும். எனவே முதலில் உராய்வு, அப்புறம் மாதிரி.

மாதிரி வைக்காமல் ஊசலை விடுங்கள். முள் 1.2 ஜூல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முள்ளைத் தொடாமல் ஊசலை மறுபடி மேலேற்றி விட்டால் 0.7. வித்தியாசம் 0.5 ஜூல், அது முள்ளின் உராய்வு. இரண்டாம் முறைக்கு முன் பழக்கதோஷத்தில் முள்ளைத் திருப்பி வைத்தால் இரண்டு எண்ணும் ஒன்றாகிவிடும், முள்ளுக்கு உராய்வே இல்லை என்று தோன்றும்.

இனி ஊசலை நிறுத்தாமல் ஆடவிட வேண்டும். இங்கேதான் எண்ணுவதில் பிழைக்கிறார்கள். முன்னே போவது ஓர் அரைவீச்சு, திரும்பி வருவது இன்னொன்று. பத்து அரைவீச்சு முடிந்து பதினோராவது தொடங்கும்போது, அதாவது ஆறாவது முறை முன்னே வரும்போது, ஊசல் சற்றே தள்ளும்படி முள்ளைப் பின்னுக்கு நகர்த்தி வாசிக்க வேண்டும். 9.7 வந்தால், 0.7-ஐக் கழித்துப் பத்தால் வகுக்க, பேரிங்கும் காற்றும் தின்பது 0.9 ஜூல். மொத்தம் 1.4, மயிரிழையில் தேறுகிறது. பத்தாவது முன்வீச்சு வரை காத்திருந்தால் பதினெட்டு அரைவீச்சின் இழப்பைப் பத்தால் வகுத்ததாகிவிடும். நல்ல இயந்திரமும் தோற்கும். மின்விசிறி ஓடினாலும் இந்த எண் நம்பத் தகுந்ததல்ல, நிறுத்திவிடுங்கள்.

மாதிரிகளில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. சான்றிதழ் 20 பாகை என்றால் 2 பாகை கூடக் குறைய மட்டுமே இடம். நமது கூடத்தில் பகலில் 32 பாகை சாதாரணம். நீர்த்தொட்டியில் வைத்து, எடுத்த 5 வினாடிக்குள் அடியுங்கள்.

ஐந்து மாதிரிகளின் சராசரி 25 ஜூல் சான்றுமதிப்புக்கு 28 வந்தால் விலகல் 3 ஜூல், எல்லை 4. தேறியதுதான். ஆனால் ஐந்தில் ஒன்று மட்டும் தூரமாக விழுந்தால் அதைக் கழித்துவிட்டுச் சராசரி எடுக்காதீர்கள். தாங்குபாளங்களின் போல்ட் தளர்ந்திருக்கிறதா, விளிம்பு தேய்ந்திருக்கிறதா, மாதிரியின் வெட்டு நடுவில் இருந்ததா என்று பாருங்கள்.