ஆர்ஜிபி விளக்குப் பட்டையை மதர்போர்டில் செருகுமுன் பட்டையிலேயே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

விளக்குப் பட்டையின் ஓரத்தில் 12V, G, R, B என நான்கு குறிகள் இருந்தால் அதை நான்கு ஊசிகள் உள்ள ஹெட்டரிலும், 5V, D (அல்லது DIN), GND என மூன்று குறிகள் இருந்தால் நடுவில் ஓர் ஊசி இல்லாத மூன்று ஊசி ஹெட்டரிலும் மட்டுமே செருக வேண்டும்.

நான்கு குறிகள் உள்ள சாதாரண ஆர்ஜிபி பட்டை முழுவதும் ஒரே நிறத்தில் எரியும். அதற்கு 12 வோல்ட் தேவை. மூன்று குறிகள் உள்ள ஏஆர்ஜிபி பட்டையிலோ ஒவ்வொரு விளக்குக்குள்ளும் 5 வோல்ட்டில் இயங்கும் சிறு சிப் இருப்பதால், 12 வோல்ட் பாய்ந்ததும் அந்தச் சிப்புகள் கருகிவிடுகின்றன. பிறகு சரியான ஹெட்டருக்கு மாற்றினாலும் பட்டை எரியாது, அல்லது நிறம் மாறாமல் நிற்கும். மாறாக, 12 வோல்ட் பட்டையை 5 வோல்ட் ஹெட்டரில் செருகினால் பெரும்பாலும் அது எரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

தரமான ஏஆர்ஜிபி கனெக்டரில் ஒரு துளை அடைக்கப்பட்டிருக்கும் என்பதால் அது தவறான இடத்தில் நுழையாது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கடைகளில் உதிரியாக வாங்கும் பட்டைகளில் நான்கு துளைகளும் திறந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கனெக்டர் நுழைகிறது என்பதை மட்டும் நம்பிச் செருகுவது ஆபத்தானது. கணினியை அணைத்து, மின் இணைப்பையும் துண்டித்த பிறகே செருகுங்கள்.

பவர் சப்ளையிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் தனிக் கண்ட்ரோலருடன் வரும் ஃபேன்களுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. அவற்றின் கனெக்டர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால் கையேட்டையே பார்க்க வேண்டும்.