அச்சோவியத்துக்கு மூன்று அளவுகள்

அமிலத்தால் அரித்த செப்புத் தகட்டிலிருந்து நான் அச்சிட்ட எட்சிங் ஒன்றை வாங்கியவர், விற்பனைக் குறிப்பில் இருந்த 20 × 25 செ.மீ. என்ற அளவுக்கே சட்டம் செய்துவிட்டார்; அது தகடு பதிந்த பகுதியின் அளவு, தாளோ 38 × 56 செ.மீ. சட்டத்துக்காகத் தாளை வெட்டியிருந்தால், படத்தின் அடியில் முப்பது பிரதிகளில் ஏழாவது என்று காட்ட பென்சிலால் எழுதிய 7/30 என்ற பதிப்பெண்ணும் கையொப்பமும் போயிருக்கும்.

அதன்பின் படப்பகுதி, தாள், சட்டமிட்டு விற்றால் சட்டத்தின் வெளிவிளிம்பு ஆகிய மூன்றையும், உயரத்தை முதலில் வைத்து, தனித்தனியே எழுதுகிறேன். ஈரத்தாளில் அச்சிடுவதால் அது உலரும்போது சற்றுச் சுருங்கும். ஆகவே தகட்டை அளக்காமல், உலர்ந்த தாளில் பதிந்த தகட்டுத் தடத்தையே அளக்கிறேன். "செப்புத் தகட்டு எட்சிங், 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், 30 பிரதிகள், தவிர 3 கலைஞர் பிரதிகள், சட்டமின்றி" என்று குறிப்பு தொடர்கிறது. சட்டமிடுவோரிடம், கையொப்பம் மறையாதபடி படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுண்ட்டின் திறப்பைக் கீழ்ப்புறம் 2 செ.மீ. கூட்டி வெட்டச் சொல்கிறேன்.