ஃபிளஷ் மந்தமாகச் சுழல்கிறதா? ஆசிட் பாட்டிலை எடுப்பதற்கு முன்

வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஃபிளஷ் செய்தால் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து, சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி, போக வேண்டியதைப் பாதியிலேயே விட்டுவிட்டு நின்றுவிடுகிறது. போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இது சர்வ சாதாரணம். உடனே பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: கடையிலிருந்து ஆசிட் வாங்கி வந்து கிளாசட்டுக்குள் ஊற்றுவது. அதில் இருக்கும் தவறு ஒன்றல்ல. எங்கே அடைப்பு என்று பார்க்கவில்லை, ஊற்றிய இடம் சரியில்லை, செய்த வரிசையும் தலைகீழ்.

இந்த மந்தத்துக்கு இரண்டு இடங்களில் காரணம் இருக்கலாம். ஒன்று, கிளாசட்டின் மேல் விளிம்பான ரிம்முக்கு அடியில் வரிசையாக உள்ள சின்னத் துளைகள். டேங்க் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. கடின நீரில் உள்ள சுண்ணாம்பு அந்தத் துளைகளில் படிந்து படிந்து வாயை மூடிவிடும். மற்றொன்று, கிளாசட்டின் அடியில் வளைந்து செல்லும் ட்ராப். அதில் ஏதாவது சிக்கி, பாதி வழி அடைந்திருக்கலாம். சிறுநீரின் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த மஞ்சள் படிவு உட்சுவரில் ஏறி வழியைக் குறுக்கியிருக்கவும் கூடும்.

எது என்று கண்டுபிடிக்க, தண்ணீர் எங்கே காத்து நிற்கிறது என்று பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஃபிளஷ் செய்யுங்கள். நல்ல நிலையில் உள்ள கிளாசட்டில் 6 லிட்டர் டேங்க் சுமார் 5, 6 வினாடிகளில் காலியாகும். பத்து வினாடிக்கு மேல் இழுத்தால் தண்ணீர் மேலேயே காத்திருக்கிறது, அதாவது ரிம் துளைகள் அடைந்திருக்கின்றன. (டேங்கினுள் உள்ள வால்வு முழுதாகத் தூக்கவில்லை என்றாலும் இப்படித்தான் இருக்கும். வால்வைக் கையால் தூக்கிப் பிடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) டேங்க் வேகமாகக் காலியாகி, கிளாசட்டில் தண்ணீர் மட்டம் ஏறி, பிறகு மெல்ல இறங்கினால் கோளாறு ட்ராப்பில்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரிம் மோசமாக அடைந்திருந்தால் தண்ணீர் மெதுவாகவே உள்ளே வரும். மெதுவாக வரும் தண்ணீர், பாதி அடைந்த ட்ராப் வழியாகவும் சத்தமில்லாமல் போய்விடும். மட்டம் ஏறாது. அதனால் ட்ராப் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ரிம்மைச் சுத்தம் செய்து முடித்து, முதல் முறை முழு வேகத்தில் ஃபிளஷ் செய்யும்போதுதான் கிளாசட் நிரம்பித் தரையில் வழியும். ஆகவே டேங்க் மெதுவாகக் காலியானாலும் வாளிச் சோதனையை விடக் கூடாது: 8 லிட்டர் தண்ணீரை முழங்கால் உயரத்திலிருந்து மூன்று, நான்கு வினாடிகளில் மொத்தமாக உள்ளே ஊற்றுங்கள். ஒரே இழுப்பில் போனால் ட்ராப்பும் அதற்கப்பால் உள்ள குழாயும் சரி. மட்டம் ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் உயரமாக நின்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

வெளியே உள்ள சேம்பர் மூடியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. சேம்பரே நிரம்பி நின்றால் வீட்டுக்குள் என்ன செய்தும் பயனில்லை.

முதலில் ஆசிட், பிறகு பிளஞ்சர் என்ற வரிசை

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இதுதான். அடைப்புள்ள கிளாசட்டில் ஆசிட் ஊற்றினால் அது அங்கேயே தேங்கும். சிக்கியிருப்பது நாப்கினோ, வெட் வைப்ஸோ, ரிம்மில் மாட்டியிருந்த வாசனைக் கட்டியின் பிளாஸ்டிக் கூடோ என்றால் ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. பிறகு பிளஞ்சரால் குத்தும்போது தெறிப்பது தண்ணீர் அல்ல, ஆசிட். ஏற்கெனவே யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அதனுடன் ஆசிட் சேர்ந்து குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது மூச்சைத் திணறடித்துவிடும். காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கிப் பவுடர் என்றால் ஆசிட்டுடன் சேர்ந்து கொதித்துப் பீறிடும். எனவே ட்ராப்பைக் கைக்கருவியால் திறந்த பிறகுதான் ரிம்முக்குப் போக வேண்டும்.

ட்ராப்புக்குச் சிங்க்கில் பயன்படுத்தும் தட்டையான பிளஞ்சர் உதவாது. அது கிளாசட்டின் வாயில் சரியாக உட்காராது. அடியில் ரப்பர் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வகை வேண்டும். ரப்பர் முழுவதும் முங்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றைத்தான் அழுத்திக்கொண்டிருப்பீர்கள். முதல் அழுத்தை மெதுவாகக் கொடுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு வாய் விலகாமல் பதினைந்து, இருபது முறை அழுத்தி இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பது முக்கியம். சிக்கிய பொருளைத் தள்ளிவிட்டால் அது குழாயின் அடுத்த வளைவில் போய் மாட்டும். இழுத்தால் வந்த வழியே திரும்பி வரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் டாய்லெட்டுக்கென்றே உள்ள சுருள் கம்பியை, நுனியில் ரப்பர் உறை போட்டதை, கைப்பிடியால் சுழற்றியபடி உள்ளே விடுங்கள். கையில் கிடைத்த ஜிஐ கம்பியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்துவது வேண்டாம். பீங்கானின் மேல்பூச்சில் கருங்கோடுகள் விழும். அந்தக் கோடுகளில்தான் அடுத்த கறை பிடிக்கும். ஓங்கிக் குத்தினால் ட்ராப்பே உடையும். பிறகு கிளாசட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

வாளித் தண்ணீர் ஒரே இழுப்பில் போகிற வரை ரிம் வேலையைத் தொடங்காதீர்கள்.

ரிம்முக்கான மருந்தைக் கிளாசட்டில் ஊற்றுவது

கிளாசட்டுக்குள் ஊற்றியது நேராக ட்ராப்பில் போய் நிற்கும். ரிம் துளைகளைத் தொடாது. விளிம்பைச் சுற்றிப் பீய்ச்சினாலும் ஐந்து நிமிடத்தில் வழிந்துவிடும். படிவோ துளையின் வாயில் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் ரிம்முக்குள் ஓடும் கால்வாயிலும் இருக்கிறது. அங்கே போக டேங்கிலேயே ஒரு வழி இருக்கிறது: டேங்கினுள் வாய் திறந்தபடி நிமிர்ந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய். அதில் ஊற்றுவது வால்வைத் தாண்டி நேரே ரிம்முக்குள் இறங்கும்.

அடைப்பை முதலில் கண்ணால் பாருங்கள். ஒரு சின்னக் கண்ணாடியை ரிம்முக்கு அடியில் பிடித்து டார்ச் அடித்தால், திறந்த துளை கறுப்பாகவும் அடைந்தது வெளுப்பாகவோ மஞ்சளாகவோ, சில சமயம் சுற்றுச்சுவரோடு வித்தியாசம் தெரியாமலும் இருக்கும். ஈரமான உட்சுவரில் காபித்தூளை மெல்லத் தூவி ஃபிளஷ் செய்தால் இன்னும் தெளிவு: தூள் எங்கே அப்படியே ஒட்டியிருக்கிறதோ அதற்கு மேலே உள்ள துளைகள் வேலை செய்யவில்லை.

பிறகு டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடி, ஃபிளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 150 கிராம் சிட்ரிக் ஆசிட் கரையுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும். பழைய வேட்டியை நீளமாக ஒரே துண்டாகக் கிழித்து, அதே கரைசலில் நனைத்து, ரிம்முக்கு அடியில் துளைகளை அடைத்தபடி சுற்றிலும் இறுக்கிச் செருகுங்கள். அதன் பிறகு புனல் வைத்து மீதிக் கரைசலை ஓவர்ஃப்ளோ குழாயில் மெல்ல ஊற்றுங்கள். துணி இல்லாவிட்டால் திறந்திருக்கும் நாலைந்து துளைகள் வழியாக எல்லாம் வழிந்துபோகும், அடைந்தவற்றுக்கு ஒன்றும் எட்டாது. சின்னச் சின்னத் துண்டுகளாகச் செருகினால் ஒன்றிரண்டு தவறி விழுந்து, இப்போதுதான் திறந்த ட்ராப்பை மறுபடி அடைக்கும். அதற்குத்தான் ஒரே துண்டு.

இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் துணியை எடுத்ததும் படிவு சுண்ணாம்புக் களி போல இளகியிருக்கும். நுனியை வளைத்த செம்புக் கம்பியால், வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டே போதும், ஒவ்வொரு துளையிலும் விட்டுச் சுழற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டுவதும் டிரில் போடுவதும் துளையின் ஓரத்தைப் பெயர்த்துவிடும். விழும் சில்லுகளைக் கையுறை போட்டு அள்ளிய பிறகே ஃபிளஷ் செய்யுங்கள். அவை கனமானவை; அப்படியே விட்டால் ட்ராப்பின் அடியில் தங்கும்.

பல ஆண்டுப் படிவு ஒரே இரவில் போகாது. இதையே இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டிவரும். பொறுமையில்லாமல் கடையில் விற்கும் கடும் ஆசிட்டை டேங்கில் ஊற்றினால் உள்ளிருக்கும் போல்ட் துருப்பிடிக்கும், அதன் புகையில் ஹெல்த் ஃபாசெட்டின் குரோம் பூச்சு கறுக்கும், கிளாசட்டைத் தரையோடு ஒட்டியிருக்கும் சிமெண்டும் அரிக்கும்.

ட்ராப்பின் உட்சுவரில் மஞ்சள் படிவு இருந்தாலும் இதே கரைசல் போதும். ஆனால் அங்கே நிற்கும் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீரை முதலில் மக்கால் மொண்டு எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஊற்றினால் மருந்து நீர்த்துப்போய் வேலை நடக்காது.

ஓர் உதாரணம்: டேங்க் காலியாக 14 வினாடி ஆகிறது, கிளாசட்டில் மட்டம் ஏறவில்லை. ரிம் மட்டுமே கோளாறு என்று தோன்றும். வாளிச் சோதனையில் மட்டம் நான்கு விரல் ஏறுகிறது. பிளஞ்சரில் வாசனைக் கட்டியின் கூடு வெளியே வருகிறது; இப்போது வாளித் தண்ணீர் சட்டென்று போகிறது, டேங்க் மட்டும் இன்னும் 14 வினாடிதான். முதல் இரவு ஊறலுக்குப் பிறகு 9, இரண்டாவதற்குப் பிறகு 6. வேலை முடிந்தது என்பதை இந்த எண் சொல்லும், கிளாசட்டின் பளபளப்பு சொல்லாது.

டேங்க் 6 வினாடியில் காலியாகி, வாளித் தண்ணீரும் நன்றாகப் போய், அப்போதும் கழிவு மிஞ்சுகிறது என்றால் டேங்கில் நிற்கும் தண்ணீரின் அளவைப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ வாய்க்குச் சுமார் ஓர் அங்குலம் கீழே வரை நிற்க வேண்டும். சுருள் கம்பி ஒரே இடத்தில் கெட்டியாக முட்டி நிற்கிறது என்றால் டூத் பிரஷ் போல வளையாத ஏதோ உள்ளே குறுக்காக மாட்டியிருக்கிறது. அதற்குக் கிளாசட்டைக் கழற்றி அடிப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், அது பிளம்பரின் வேலை. ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் அவர் கை வைப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.