ஆரஞ்சு, இண்டிகோ: நிறப்பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் ‘எ நாரஞ்ச்’ என்று இருந்தது பேசிப் பேசி ‘ஆன் ஆரஞ்ச்’ ஆகிவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். இதை நம்ப வேண்டாம். வடமொழி நாரங்கம் பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச் என்று போய் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ஸ்பானியம் முதல் எழுத்தை இன்றும் வைத்திருக்கிறது. இத்தாலியமும் பிரெஞ்சும் அதை உதிர்த்துவிட்டன. ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து எடுத்ததால், உதிர்ந்த வடிவம்தான் அங்கே வந்து சேர்ந்தது.

நம்மவர்கள் செய்யும் தவறு வேறு. நாரத்தையைக் காட்டி ‘ஆரஞ்சு தமிழ்ச் சொல்’ என்று ஒரே தாவாகத் தாவுகிறார்கள். நாரங்கத்துக்குத் திராவிட வேர் இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுவது உண்மை. ஆனால் அந்த வழியாகப் பயணம் செய்தது பழத்தின் பெயர், நிறத்தின் பெயர் அல்ல. ஆங்கிலத்தில் அது நிறத்தைக் குறிக்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அந்த நிறத்தைச் சிவப்பு என்றோ மஞ்சள்சிவப்பு என்றோ சொன்னார்கள். ராபின் பறவையின் மார்பு ஆரஞ்சு நிறம், ஆனாலும் அதன் பழைய ஆங்கிலப் பெயர் ‘செம்மார்பு’ என்றே நிலைத்துவிட்டது.

இண்டிகோ விஷயத்தில், அது நீலம் என்ற சொல்லின் திரிபு என்று நினைப்பது தவறு. கிரேக்கர்கள் அவுரிச் சாயத்தை ‘இந்தியப் பொருள்’ என்ற பொருளில் இண்டிகோன் என்றார்கள், அதுவே இண்டிகோ ஆனது. நீலி என்ற வடமொழிச் சொல் போன வழி தனி: அரபி வழியாகப் போர்ச்சுகீசில் அனில் ஆகி, அங்கிருந்து அனிலின் என்ற வேதிப்பொருளின் பெயராயிற்று. பிறகு நியூட்டன் வானவில்லில் ஏழு நிறம் எண்ணியபோது இண்டிகோவுக்கும் ஓர் இடம் கொடுத்தார். அதற்குத்தான் நாம் கருநீலம் என்று எழுதுகிறோம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றும் தவறு ஒன்று உண்டு. ஆங்கில நிற அட்டையை எடுத்துவைத்து, ‘தமிழில் ஆரஞ்சுக்குச் சொல் இல்லை’ என்று குறை சொல்வது. மஞ்சள், காவி, சாம்பல், அரக்கு எல்லாம் ஆரஞ்சைப் போலவே பொருளிலிருந்து பிறந்த நிறப்பெயர்கள்தான். ஆனால் செம்மை, பசுமை, கருமை, வெண்மை அப்படிப்பட்டவை அல்ல, ஒவ்வொன்றும் ஒரு பரப்பு. செம்மண், செம்பு, செம்பருத்தி மூன்றும் ஒரே சாயலா? இல்லை, ஆனாலும் மூன்றும் செம்மைக்குள் அடங்கும். ஆரஞ்சின் பெரும்பகுதியும் அதற்குள்ளேயே இருந்தது. வேறுபடுத்த வேண்டுமானால் செம்மஞ்சள் என்று சேர்த்துச் சொல்லலாம்.

பொன்னைப் பாருங்கள். செம்பொன் என்கிறோம், பசும்பொன் என்றும் சொல்கிறோம். பசுமையைப் பச்சை நிறம் என்று மட்டும் படித்தால் பசும்பொன் பிடிபடாது. புதுமை, இளமை, மெல்லிய மஞ்சள் சாயல் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பிரிவுத் துயரில் மேனி வெளிறுவதைக் குறிக்கும் பசலையும் அந்த வேரில் பிறந்ததுதான். பழைய பாடலில் பசுமை வரும் இடமெல்லாம் பச்சை என்று உரை எழுதினால், தலைவியின் உடம்பே இலை நிறமாகிவிடும்.