போட்டோவை வைத்தே போலி இங்க் கார்ட்ரிட்ஜைக் கண்டுபிடிப்பது எப்படி? எச்.பி. 680 கறுப்பை வைத்து ஒரு செய்முறை

ஆன்லைனில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் கைக்கு வந்ததும் பிரித்துப் பிரிண்டரில் போட்டுவிடுகிறோம். பிரிண்ட் மங்கலாக வந்த பிறகுதான் சந்தேகம் வருகிறது. அதற்குள் பெட்டி கிழிந்திருக்கும், சீல் அறுந்திருக்கும், கார்ட்ரிட்ஜில் மின்தொடர்புக்காக இருக்கும் பொன்னிறப் புள்ளிகளில் நம் பிரிண்டரின் ஊசித் தடமே பதிந்திருக்கும். விற்றவரிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. அதனால் பிரிண்டருக்குள் போவதற்கு முன் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோக்களை நிதானமாகப் பார்ப்பதுதான் சரியான வழி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு வந்த ஒரு எச்.பி. 680 கறுப்பு கார்ட்ரிட்ஜை இப்படித்தான் பிடித்தோம். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில் விற்கும் 'கம்பாட்டிபிள்' கார்ட்ரிட்ஜ் போலி அல்ல. 'ரீஃபில் செய்தது' என்று சொல்லி விற்பதும் போலி அல்ல. அசல் கம்பெனியின் பெயரையும் பெட்டியையும் போட்டு, புதிது என்று நம்பவைத்து விற்பதுதான் போலி. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உடலையே புதிதாக வார்த்துச் செய்த நகல். மற்றது, தீர்ந்துபோன அசல் கார்ட்ரிட்ஜில் மையை நிரப்பி, புதுப் பெட்டியில் அடைத்தது. 680 போல, மையைத் தாளில் தெளிக்கும் அச்சுத்தலையும் சேர்ந்தே வரும் மாடல்களில் இரண்டாவது வகையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தத் தலையை நகலெடுப்பது கஷ்டம், காலி கார்ட்ரிட்ஜ் சேகரிப்பது சுலபம்.

படி 1: போட்டோ எடுப்பது

பலர் சறுக்குவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். ஹாலோகிராமின் நுண்கோடுகளும், பிளாஸ்டிக் விளிம்பில் இருக்கும் மயிரிழைக் கோடும் அதில் முதலில் காணாமல் போகும். யாரிடமாவது காட்டிக் கேட்பதென்றால் படத்தை 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள்.

போனில் இருக்கும் மேக்ரோ கேமராவை நான் நம்புவதில்லை. விலை குறைந்த போன்களில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. மெயின் கேமராவில் 2x வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று எடுப்பது மேல். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸை மெயின் கேமராவின் முன் பிடியுங்கள். யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் இதற்குத் தேவையில்லை.

ஃபிளாஷ் கூடவே கூடாது. ஜன்னல் வெளிச்சம் போதும். பிளாஸ்டிக் உடலை எடுக்கும்போது மட்டும் இன்னொரு போனின் டார்ச்சை மேஜையோடு மேஜையாகத் தாழ்த்தி, பக்கவாட்டில் அடியுங்கள். மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். நேராக மேலிருந்து அடித்தால் எல்லாம் சமமாகிவிடும்.

படி 2: சீல்

எச்.பி.யின் பாதுகாப்பு சீலில் ஹாலோகிராமும் க்யூஆர் கோடும் இருக்கும். ஹாலோகிராமில் 'OK' என்ற எழுத்தும் ஒரு டிக் குறியும் தெரியும். பெட்டியை ஒரு திசையில் சாய்த்தால் இரண்டும் சேர்ந்து நகரும், இன்னொரு திசையில் சாய்த்தால் எதிரெதிராக நகரும். அடையாளம் அந்த அசைவில்தான் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு போட்டோவை வைத்து சீல் அசல் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிப் பளபளப்பில் 'OK' என்று அச்சடித்த சாதாரண ஸ்டிக்கரும் ஒற்றைப் படத்தில் அப்படியேதான் இருக்கும். பெட்டியை மேஜையில் வைத்து, போனை அசைக்காமல், பெட்டியின் ஒரு ஓரத்துக்கு அடியில் மட்டும் பென்சில் கொடுத்து இரண்டாவது படம் எடுங்கள். அடுத்த ஓரத்துக்கு மாற்றி மூன்றாவது. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது எழுத்தும் குறியும் இருந்த இடத்திலேயே இருந்தால், அது வெறும் அச்சு.

க்யூஆர் கோடை hp.com/go/ok வழியாகச் சரிபார்க்கலாம். ஸ்கேன் செய்ததும் திறக்கும் முகவரி hp.com தானா என்று பாருங்கள், ஓரெழுத்து மாறினாலும் மூடிவிடுங்கள். ஆனால் ஓர் அசல் கோடை நூறு பெட்டிகளில் நகலெடுத்து ஒட்ட முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லா மாடலுக்கும், எல்லா ஊர்ப் பெட்டிக்கும் ஒரே மாதிரி சீல் வருவதும் இல்லை. எனவே சீல் இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

நண்பருக்கு வந்த பெட்டியில் சீல் ஒழுங்காகவே நகர்ந்தது. அவர் நிம்மதியாகிவிட்டார். நான் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். அடி மடிப்பில் அட்டையின் மேல்தோல் உரிந்து, அந்த உரிந்த நார் மேலேயே கட்டியான பசை. மேல் சீலைத் தொடாமல் அடியைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை நல்ல சீலாக இருந்தாலும் அது காவல் காப்பது ஒரு வாயைத்தான். பெட்டிக்கு ஆறு பக்கமும் எடுங்கள்.

படி 3: தேதி

இது ஒரு நிமிட வேலை. உத்தரவாதம் முடியும் தேதி பெட்டியிலும் இருக்கும், கார்ட்ரிட்ஜ் உடலிலும் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். பெட்டித் தேதி உடல் தேதியைவிட ஆண்டுக்கணக்கில் பிந்தியதாக இருந்தால், பழைய உடல் புதிய பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். உடலில் தேதியைச் சுரண்டியிருந்தாலோ, அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அதுவும் ஒரு பலமான சான்று. இறக்குமதிப் பொருள் என்றால், இந்தியாவில் விற்கும் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். அதையும் பார்த்துவிடுங்கள்.

படி 4: சிப் பகுதி

680-இல் தனியாக சிப் கிடையாது. பழுப்பு நிறப் படலத்தின் மேல் வரிசையாகப் பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். பிரிண்டரின் ஸ்பிரிங் ஊசிகள் அதன் மேல்தான் அழுந்தும். ஒருமுறை பிரிண்டரில் போட்டு எடுத்தாலே ஒவ்வொரு புள்ளியிலும் சின்னக் குழி விழும். அடுத்த முறை போடும்போது ஊசி அதே இடத்தில் சரியாக உட்காராது, பக்கத்தில் இன்னொரு குழியோ சிறு கீறலோ விழும். புதிது என்று வந்த கார்ட்ரிட்ஜில் இப்படி ஜோடி ஜோடியாகக் குழி இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இதைப் படத்தில் கொண்டுவருவதில்தான் சிரமம். பொன்னிறப் பரப்பு கண்ணாடி மாதிரி, நேராக எடுத்தால் வெள்ளையாக எரிந்துவிடும். ஒரு ஏ4 தாளை எதிரில் நிறுத்தி, அந்த வெள்ளை புள்ளிகளில் பிரதிபலிக்கும் கோணத்துக்குக் கார்ட்ரிட்ஜைத் திருப்புங்கள். புள்ளிகள் சீரான வெளிர்நிறமாக மாறும், குழிகள் கறுப்புப் பொட்டாகத் தனித்துத் தெரியும். திரையில் ஃபோகஸைப் புள்ளியின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். கையால் மட்டும் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

ஒன்றிரண்டு புள்ளியில் லேசான தடம் மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலான புள்ளிகளில், ஒரே மாதிரி இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட குழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நண்பரின் படத்தில் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளிகளிலும் இரட்டைக் குழி. படலத்தின் கீழ் விளிம்பில், துடைத்தும் போகாத மைக்கறை கோடாக நின்றது. ரீஃபில் செய்பவர்கள் புள்ளிகளைப் பளிச்சென்று துடைப்பார்கள், அந்த விளிம்பு இடுக்கு மட்டும் துணிக்கு எட்டாது.

அச்சுத்தலை இல்லாமல் மை மட்டும் அடைத்து வரும், தனி சிப் உள்ள டாங்க் வகை கார்ட்ரிட்ஜ் என்றால் பார்வை வேறு. சிப் தன் பள்ளத்தில் நேராக, நாலு பக்கமும் சம இடைவெளியோடு உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பழைய சிப்பைப் பெயர்த்து வேறு ஒட்டியிருந்தால் பசை ஓரத்தில் பிதுங்கி மினுங்கும், அல்லது பள்ளத்தின் விளிம்பில் கத்தி நுழைந்த வடு இருக்கும்.

படி 5: வார்ப்புக் கோடும் மூடியும்

பிளாஸ்டிக் குடத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடம் அது. கார்ட்ரிட்ஜ் உடலிலும் அப்படிக் கோடு உண்டு. நல்ல அச்சில் அது மெல்லியதாக, ஒரே அளவில், மூலையிலும் உடையாமல் ஓடும். தேய்ந்த அச்சிலோ மட்டமான அச்சிலோ வார்த்த நகலில் மூலைகளில் பிளாஸ்டிக் பிசிறு பிதுங்கும், அல்லது இரண்டு பாதியும் கொஞ்சம் விலகிப் படிக்கட்டு போல மேடு நிற்கும். டார்ச்சைத் தாழ்த்தி அடித்தால் அந்த மேட்டின் நிழல் விழும். இதைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நம்பகமான இடத்தில் வாங்கிய அதே மாடலை அதே வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள். பழைய காலி கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தூக்கி எறியாமல் இதற்காகவே வைத்திருக்கலாம்.

ரீஃபில் செய்த அசல் உடலில் இந்தக் கோடு சுத்தமாகவே இருக்கும், உடல் அசல்தானே! அங்கே பார்க்க வேண்டியது மூடி. மை நிரப்பும் துளை, மூடியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளுக்கு அடியில் இருக்கிறது. காற்று போகும் வளைந்த பள்ளமும் அங்கேதான். ரீஃபில் செய்பவர்கள் பெரும்பாலும் லேபிளைத் தூக்கித்தான் மை நிரப்புவார்கள். தூக்கி ஒட்டிய லேபிளின் மூலை லேசாக எழும்பியிருக்கும், நடுவில் மடிப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது லேபிள் சற்றே சாய்ந்திருக்கும். நண்பரின் கார்ட்ரிட்ஜில் லேபிளின் ஒரு மூலையில் தூசி ஒட்டிய பசைக் கோடு, லேபிளுக்கு வெளியே தெரிந்தது. முதலில் லேபிள் இருந்த இடம் அது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தான் வாங்கிய இரண்டு கார்ட்ரிட்ஜ்களில் உடலில் வார்த்திருக்கும் சின்ன எண் வேறு வேறாக இருக்கிறது, ஒன்று போலியா என்று கேட்டிருந்தார். இல்லை. ஒரே அச்சில் ஒரே நேரத்தில் பல உடல்கள் வார்ப்பார்கள், எது அச்சின் எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது என்று தெரிய ஒவ்வொரு பள்ளத்துக்கும் எண் இருக்கும். எண் மாறுவது இயல்பு. ஒரே மாடல் வேறு வேறு தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் கோட்டின் இடத்திலும் பிளாஸ்டிக்கின் பளபளப்பிலும் சிறு வேறுபாடு வரும். பிசிறு, பெயர்த்த வடு, இரட்டைக் குழி இவைதான் சான்று.

முடிவெடுப்பது

போட்டோவை வைத்து 'இது போலி' என்று உறுதியாகச் சொல்ல முடிகிற நேரம் உண்டு. 'இது அசல்' என்று உறுதியாகச் சொல்ல முடியாது, 'தவறு எதுவும் தெரியவில்லை' என்றுதான் சொல்லலாம். நான் வைத்திருக்கும் கணக்கு இது: வேறு வேறு இடத்தில் இரண்டு சான்றாவது வேண்டும். நண்பர் விஷயத்தில் அடியில் மறுபடி ஒட்டிய பெட்டி, இரட்டைக் குழி, நகர்ந்த லேபிள் என்று மூன்று இருந்தன. தேதியைப் பார்த்தால், உடலில் இருந்தது பெட்டியைவிட இரண்டு ஆண்டு முந்தியது.

சந்தேகம் உறுதியானால் கார்ட்ரிட்ஜைப் பிரிண்டரில் போடாதீர்கள். போட்டால் குழிகள் உங்களுடையவை என்று விற்றவர் சொல்லிவிடுவார். பெட்டி, உள் உறை, பில் மூன்றையும் வைத்துக்கொண்டு, சுருக்காத படங்களோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். நண்பர் அப்படி அனுப்பியதும் பணம் திரும்ப வந்தது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். எச்.பி.யிடம் நேரடியாகச் சொல்ல hp.com/go/anticounterfeit பக்கம் இருக்கிறது. புகாருக்கு அனுப்பும் படங்களில் ஒன்றாவது பெட்டியின் சீரியல் ஸ்டிக்கரும் கார்ட்ரிட்ஜும் ஒரே சட்டத்தில் தெரியும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தக் கார்ட்ரிட்ஜ் அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது என்பதற்கே சான்று இருக்காது.